எழுத்து தெரியும், வாசிக்க வராது: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஜெர்மனி போன ஒரு வீடு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தியாம்பதி பக்கம் தமிழ் வீடுகள் நிறைய. வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். தாலுகா ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் மலையாளம். பள்ளியில் இரண்டும் உண்டு. தமிழ்வழியா மலையாளவழியா என்பதை அந்தந்த வீடு முடிவு செய்யும். ஒரே வீட்டில் அப்பா தமிழ்வழியும் மகள் மலையாளவழியும் படித்திருப்பது அங்கே சாதாரணம்.

இந்த ஆய்வில் வருவது தனியொரு குடும்பம் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போன வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமையை ஒரே வீடாக்கி எழுதியிருக்கிறோம். அந்த வீடு இப்போது ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு நகரத்தில் இருக்கிறது. தொடங்கியபோது மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மகனுக்கு ஐந்து, இன்னும் மழலையர் பள்ளி. அப்பா பத்தாவது வரை தமிழ்வழி. அம்மா வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து மலையாளவழியில் படித்தவர். தமிழ் எழுத்து தெரியும், ஆனால் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பார். ஊரில் இருப்பது அம்மாவின் பெற்றோர், பிள்ளைகளுக்கு அப்புச்சியும் அம்முச்சியும்.

புகார் ஒன்று, கோளாறு வேறு

பெற்றோர் சொன்ன புகார் இது: "ரெண்டு வருஷமா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போறா. எழுத்தெல்லாம் தெரியும். ஆனா புத்தகத்தை எடுக்க மாட்டேங்கறா." இதற்கு அவர்கள் கண்ட மருந்து எழுத்துப் பயிற்சி. 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டி, தினமும் ஒரு வரிசை எழுத வைத்தார்கள். மூன்று மாதத்தில் கையெழுத்து அழகானது. வாசிப்பில் மாற்றமில்லை.

இந்த மாதிரி வீடுகளில் முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்னச் சோதனை. பிள்ளைக்குத் தெரியாத ஒரு குட்டிக் கதையை எடுத்து, வீட்டுத் தமிழில் வாயால் சொல்லி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த நாள் அதே அளவில் வேறொரு கதையைப் புத்தகத்தில் இருப்பது இருக்கிறபடியே பெற்றோர் வாசித்துக் காட்டிவிட்டு இரண்டு கேள்வி. மூன்றாம் நாள் இன்னொரு கதையைப் பிள்ளையே வாசித்து, அதிலும் இரண்டு கேள்வி. முதலாவதே புரியவில்லை என்றால் பேச்சே போதவில்லை. முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றால் எழுத்தின்மேல் பழி போட வேண்டாம். புத்தகத் தமிழ்தான் எட்டவில்லை. இரண்டாவதும் சரியாகி மூன்றாவது மட்டும் தவறினால்தான் எழுத்துப் பயிற்சி உதவும். வாசிப்பு என்பது எழுத்தைக் கூட்டும் திறனையும் கேட்டால் புரியும் திறனையும் பெருக்கி வருவது என்று வாசிப்பு ஆய்வாளர்களான கஃபும் டன்மரும் 1986-இல் சொன்னதன் வீட்டு வடிவம்தான் இந்தச் சோதனை. பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை.

மகள் இரண்டாவதில் தவறினாள். "குருவி மரத்தின் மேல் அமர்ந்துகொண்டிருந்தது" என்ற வரியை அவளே பிறகு பிழையில்லாமல் வாசித்தாள். குருவி என்ன பண்ணுச்சு என்று கேட்டால், "பறந்துச்சா?" என்று ஊகித்தாள். அதையே "குருவி மரத்து மேல உக்காந்துட்டிருந்துச்சு" என்று சொன்னதும் பதில் உடனே வந்தது. அவள் காதில் விழுந்து வளர்ந்த தமிழில் "அமர்ந்து" என்ற சொல்லும் இல்லை, "கொண்டிருந்தது" என்ற வாலும் இல்லை. ஊரில் வளரும் பிள்ளைக்கு இவை டிவி செய்தியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளி மேடையிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மனியில் அந்தத் தமிழ் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வீட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. சனிக்கிழமைப் பள்ளியை நடத்துவது ஈழத் தமிழர்கள். ஜெர்மனியில் தமிழ்ப் பள்ளிகளைக் கட்டி எழுப்பியதில் பெரும்பங்கு அவர்களுடையது. இந்த வீட்டுக்குப் பக்கத்தில் வேறு பள்ளியும் இல்லை. அங்கே ஆசிரியர் பேசும் தமிழ், பாடநூல் தமிழ், வீட்டுக் கொங்குத் தமிழ் என்று பிள்ளையின் முன் மூன்று தமிழ் நிற்கின்றன. ஆசிரியர் "கதைக்க வேண்டாம்" என்றால் பேசாதே என்று பொருள் என்பதை வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதற்காகப் பள்ளியை விட வேண்டியதில்லை. எழுத்துத் தமிழ் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆசிரியர் பேச்சில் அடிக்கடி வரும் சொற்களைப் பெற்றோர் ஒருமுறை கேட்டு வந்து பிள்ளையிடம் சொன்னாலே அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

சொன்னதை எழுதி, எழுதியதை வாசித்து

எனவே அட்டவணையைக் கழற்றச் சொன்னோம். மாற்றாக வைத்தது ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு நாளும் மாலையில் மகள் ஒரே ஒரு செய்தி சொல்வாள். அப்பா அதை அவள் வாயில் வந்தபடியே எழுதுவார், திருத்தாமல். அவள் உடனே வாசிப்பாள். அடுத்த நாள் முந்தைய பக்கத்தையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் புதியது. மொத்தம் கால் மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இதுதான் வேலை செய்கிறது. ஒரு வாரம் இடைவெளி விட்டால், வாசிக்கத் தொடங்கும் பிள்ளை பாதியை மறந்துவிடுகிறது.

நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"இன்னைக்கு ஸ்கூல்ல மூணு தடவெ கீழ உழுந்துட்டேன். காத்து பலமா அடிச்சுது. என்ற தொப்பி பறந்துருச்சு."

தமிழ்வழி படித்த அப்பாவுக்கு இதை எழுதக் கை வரவில்லை. "தப்பா எழுதிக் குடுத்தா தப்பாவே படிஞ்சிருமே" என்பது அவர் பயம். எல்லாப் பெற்றோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு இது பிழையான தமிழ் இல்லை, அவள் தமிழ். வாசித்தவுடன் பொருள் விளங்கும் ஒன்றைத் தமிழ் எழுத்தில் அவள் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. இன்னொரு லாபமும் உண்டு. தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கு ஏற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் மாறும். ஜெர்மன் வாசிக்கப் பழகிய பிள்ளை ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று எதிர்பார்த்து, "தம்பி"யில் உள்ள பி-யைக் கடினமாகவே உச்சரிக்கும். தெரிந்த சொல்லாக இருந்தால் பாதியிலேயே தானாகத் திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லில் திருத்த வழியில்லை. மெல்லெழுத்துக்குப் பின்னும் இரண்டு உயிர் ஒலிக்கு நடுவிலும் ஒலி தளரும் என்ற விதியைத் தனியாகச் சொல்லித்தருவதைவிட, தெரிந்த சொற்களிலேயே வாசிப்பைத் தொடங்குவது எளிது.

எட்டு வாரம் இப்படிப் போன பிறகு, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வேறு நிறப் பேனாவில் இரண்டாம் வரி வந்தது:

"இன்று பள்ளியில் மூன்று தடவை கீழே விழுந்துவிட்டேன். காற்று பலமாக அடித்தது. என்னுடைய தொப்பி பறந்துவிட்டது."

இங்கேதான் புத்தகத் தமிழுக்குப் பாலம் போடுகிறோம். இலக்கணம் சொல்ல வேண்டாம். மேல்வரியும் கீழ்வரியும் எங்கே மாறுகின்றன என்று பிள்ளையே கோடு போட்டால் போதும். மாற்றங்கள் தாறுமாறானவை அல்ல. காத்து காற்று ஆனது போல நேத்து நேற்று ஆகும், சோத்துக்கு சோற்றுக்கு ஆகும். அடிச்சுது அடித்தது ஆவது போலப் படிச்சேன் படித்தேன் ஆகும். எலை இலை, எடம் இடம், ஒடம்பு உடம்பு. ஸ்கூல்ல என்பதன் "ல" கீழ்வரியில் "இல்". உழுந்துட்டேன் விழுந்துவிட்டேன் ஆவது போலத் தூங்கிட்டேன் தூங்கிவிட்டேன் ஆகும். வாராங்க வருகிறார்கள், இருக்கு இருக்கிறது. ஏழெட்டு மாற்றங்கள் பிடிபட்டால் தொடக்கநிலைக் கதைப் புத்தகத்தின் பெரும்பகுதி திறந்துவிடுகிறது. "அமர்ந்து" போலச் சொல்லே வேறாக இருப்பவற்றை மட்டும் தனியாகக் கற்க வேண்டும். அவை பக்கத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று மூடி வைத்துவிடலாம்.

இரவு வாசித்துக் காட்டும் கதைக்கும் இதே முறைதான். முதல் இரவு பெற்றோர் படத்தைப் பார்த்து வீட்டுத் தமிழில் சொல்வார்கள். இரண்டாம், மூன்றாம் இரவு அச்சில் உள்ளபடி. கதை ஏற்கெனவே தெரியுமாதலால் புதிய சொற்கள் பொருளோடு சேர்ந்தே காதில் விழும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை மாற்றி எழுதவும் உரிமம் இடம் தருகிறது. முதல் நிலைக் கதைகள் சிலவற்றை இந்த அப்பா அச்செடுத்து, அச்சு வரிக்கு மேலே வீட்டு வரியைக் கையால் எழுதி வைத்தார்.

எழுத்துக் கோளாறுகள்

எழுத்து முழுக்கச் சரியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. மகள் "கொடி" என்பதைச் சில நேரம் "கெரடி" என்று வாசித்தாள். ஒற்றைக்கொம்பு முன்னால் வருவதும், கால் பல எழுத்துருக்களில் ரகரம் போலவே தெரிவதும் சேர்ந்து செய்யும் வேலை இது. எழுதும்போது ரகரத்துக்குக் கீழே சாய்வாக வால் இழுத்துப் பழக்கினால் பாதி தீரும். கொம்பு, மெய், கால் மூன்றையும் ஒரே அட்டையில் ஒரே நிறத்தில் எழுதி ஒரே உருவமாகக் காட்டினால் மீதியும் தீரும். "கௌ" என்பதும் கெகரமும் ளகரமும் சேர்ந்த "கெள" என்பதும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும் தொல்லைக்கு மருந்தில்லை. ஔகாரம் வரும் சொற்கள் குறைவு என்பதால் விட்டுவிடலாம்.

அம்மாவின் தடுமாற்றம் வேறு. மலையாளத்திலும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னால்தான் வரும். ஆகவே கொம்பு அவருக்குச் சிக்கலில்லை. ஆனால் மலையாளத்தில் நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே எழுத்து. அதனால் "நான்" என்று எழுத வந்தால் முதலில் எது, முடிவில் எது என்று பேனா நிற்கும். சொல்லின் தொடக்கத்திலும் தகரத்துக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் ன என்று வைத்துக்கொண்டால், "அநியாயம்", "வெந்நீர்" போன்ற சில சொற்கள் தவிரப் பெரும்பாலும் சரியாக வரும். அவரும் மகளோடு உட்கார்ந்து அதே நோட்டை வாசித்தார். அம்மா திருத்தும் ஆளாக இல்லாமல் சேர்ந்து வாசிக்கும் ஆளாக இருந்ததில் மகளுக்கு ஓர் உற்சாகம் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து வராது என்று தமிழ்ப் பொறுப்பு முழுவதையும் அப்பாவிடம் தள்ளும் வீடுகளில் அப்பாவுக்கு வேலைப்பளு கூடுகிற மாதம் வாசிப்பும் நின்றுவிடுகிறது.

அப்புச்சியின் கடிதம்

ஊருக்குப் பேசும் நேரம் ஏற்கெனவே இருந்தது. கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. பிள்ளைகள் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது ஊரில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அப்புச்சி ஒன்பதுக்குப் படுத்துவிடுவார், எனவே வந்த கையோடு பேச வேண்டும். பேச்சு பெரும்பாலும் "சாப்பிட்டியா கண்ணு?", "ம்", "ஸ்கூல் போனியா?", "ம்". இந்தக் கேள்விகளுக்கு "ம்" என்பதே முழுப் பதில்தான். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாற்றியது ஒன்றே. வாரம் இருமுறை அப்புச்சி நாலு வரி கையால் எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்; மகள் அதைப் பேசும்போது அவருக்கே வாசித்துக் காட்டி, அதில் உள்ள கேள்விக்குப் பதில் சொல்வாள். முதல் கடிதத்திலேயே தடை. "தென்னை" என்ற சொல்லில் னை அவளுக்குப் புரியவில்லை. அப்புச்சி பள்ளியில் படித்தது எழுபதுகளின் தொடக்கம் வரை. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் முன்பு ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வளைந்த வடிவத்திலும், ணா, றா, னா மூன்றும் அவற்றின் ஒகர, ஓகார வரிசைகளும் கால் இல்லாமல் தனி வளைவோடும் எழுதப்பட்டன. மொத்தம் 13 எழுத்து. அச்சில் மறைந்துவிட்ட அவை அந்தத் தலைமுறையின் கையில் இன்னும் இருக்கின்றன. அப்புச்சியை மாற்றச் சொல்லவில்லை. 13 எழுத்தையும் அவரே பழையது, புதியது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். அந்தப் படத்தை அச்செடுத்து நோட்டின் உள்ளட்டையில் ஒட்டினார்கள். மகளுக்கு அது ஒரு ரகசிய எழுத்து மாதிரி பிடித்துப்போய், பதில் எழுதும்போது தானும் பழைய லை போட ஆரம்பித்தாள். சனிக்கிழமைப் பள்ளியில் அதைத் தவறு என்று அடித்தார்கள். கடிதத்தில் பழையது, பள்ளியில் புதியது என்று பிரித்துக்கொண்டதும் சரியானது.

பேச்சில் கசிவு

மகளும் மகனும் தங்களுக்குள் பேசுவது ஜெர்மன். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போனதும் அந்த மொழி வீட்டுக்குள் வருவது எங்கும் நடப்பது. "தமிழ்ல பேசு" என்று கத்துவதால் பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களே தவிர மொழி மாறுவதில்லை.

பெற்றோரிடம் ஜெர்மனில் பேசும்போது மட்டும் ஒரு பிடி உண்டு. மகன் ஜெர்மனில் தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவது ஒரு வகை. "தண்ணி வேணுமா?" என்று தமிழில் திருப்பிக் கேட்பது இன்னொரு வகை, இது நல்லது போலத் தோன்றும், ஆனால் "ம்" சொன்னால் தண்ணீர் வந்துவிடும். "தண்ணியா, எதுல ஊத்தட்டும், டம்ளர்லயா பாட்டில்லயா?" என்றால் அவன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லாவது வந்தாக வேண்டும். புரியாதது போல நடிப்பதை நாங்கள் சொல்வதில்லை. அப்பா ஜெர்மனில் போனில் பேசுவதை ஐந்து வயதுப் பிள்ளை தினமும் கேட்கிறது.

இப்போது எங்கே நிற்கிறது

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அதே மூன்று சோதனையைத் திரும்ப வைத்தபோது மகள் மூன்றிலும் தேறினாள். இரண்டாம் நிலைக் கதையைத் துணையில்லாமல் வாசிக்கிறாள். நாளிதழ் எட்டவில்லை, தலைப்பு வாசிப்பாள், செய்தி விளங்காது. எழுதுவது வாசிப்பைவிட ஓராண்டு பின்தங்கியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் விசைப்பலகையைப் போனில் அவளுக்குப் போட்டுக்கொடுத்தது இதற்கு ஒரு காரணம். லகரமா ளகரமா என்று அவள் யோசிக்கும் முன்பே போன் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளே தெரியும் விசைப்பலகைக்கு மாற்றியிருக்கிறார்கள். வேகம் குறைந்ததால் அவளுக்குக் கோபம்.

ஊருக்குப் போனால் கடைப் பலகை எல்லாம் வாசிப்பாள் என்று அப்பா கனவு கண்டிருந்தார். கொழிஞ்சாம்பாறையில் பலகையும் பஸ் போர்டும் பெரும்பாலும் மலையாளம். பிள்ளை ஏமாந்து போனாள். வருகிற கோடையில் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒரு நாள் என்று திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

மகனுக்கு வரிசையையே மாற்றித் தொடங்கியிருக்கிறது. அ, ஆ, இ மூன்றோடு க, ட, த, ப, ம, வ ஆறும், அவற்றின் புள்ளி, கால், இகர விசிறி மட்டும். மொத்தம் 27 வடிவம். இவற்றிலேயே அம்மா, அப்பா, அக்கா, ஆத்தா, மாமா, தம்பி, பாப்பா, வா, தா, பட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன. உகரம் மட்டும் தமிழில் மெய்க்கு மெய் உருவம் மாறும்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை, ஙு, சு, பு, யு, வு ஒரு வகை, மற்ற ஏழும் து போல. அதை வரிசையாகச் சொல்லித்தராமல், "ஒரு", "எனக்கு", "பாட்டு", "கண்ணு" என்று அவன் சொல்லும் சொற்களில் வரும்போது மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். அவனுக்கும் ஒரு நோட்டு உண்டு. அதில் அவன் சொல்வதை எழுதும் வேலையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தக் கால் மணி நேரம் மட்டும் இருவரும் தங்களுக்குள் தமிழில் பேசுகிறார்கள்.